பன்னிரண்டு வாக்கும் ஒரு கூட்டக் குறிப்பும்

கலிபோர்னியாவில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களில் பல, ஆண்டுப் பொதுக்குழுவைத் தனியாக ஒரு நாளில் வைப்பதில்லை. பொங்கல் விழா நடக்கும் சனிக்கிழமையில், மதிய சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சிக்கும் நடுவே ஒரு மணி நேரத்தை ஒதுக்கி நடத்திவிடுவார்கள். காரணம் கோரம். பொதுக்குழுவுக்கென்று அழைத்தால் செயற்குழுவும் அவர்கள் வீட்டாரும்தான் வருவார்கள். சர்க்கரைப் பொங்கல் இருந்தால் கூட்டம் வரும். ஏற்பாடு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பின்னாளில் ஒரே சாட்சியாக நிற்கப்போவது செயலாளர் எழுதும் கூட்டக் குறிப்பு. பெரும்பாலான சங்கங்களில் அதைக் கூட்டம் முடிந்து சில வாரங்கள் கழித்து, அரைகுறை நினைவில் எழுதுகிறார்கள்.

அந்தக் குறிப்புக்கு இத்தனை கனம் வருவதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, சங்கத்தின் விதிகளைத் திருத்தினால் அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பதிந்த பிறகுதான் திருத்தம் செல்லும். கலிபோர்னியாவில் அப்படியில்லை. சங்கத்தைத் தொடங்கும் அமைப்புப் பத்திரம் மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் இருக்கும்; அதை மாற்றினால் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் உறுப்பினர் சந்தா, தேர்தல், பதவிக்காலம் போன்ற நாள்தோறும் தேவைப்படும் சங்கதிகள் இருப்பதெல்லாம் பைலா என்று எல்லோரும் சொல்லும் துணைவிதிகளில். அவை திருத்தப்பட்டால் செல்லுபடியாவதற்கு எந்த அலுவலகத்தின் முத்திரையும் வேண்டாம். இன்றைய தேதி வரையிலான திருத்தங்களோடு ஒரு பிரதியைச் சங்கமே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, விதி மாறியதா இல்லையா என்று யாராவது கேட்டால் காட்டக்கூடிய ஆதாரம் பொதுக்குழுவின் கூட்டக் குறிப்பு ஒன்றுதான். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987 முதல் இயங்கிவருகிறது. ஆனால் அதில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் தன் மாநிலச் சட்டத்தின் கீழ் தனித்தனி நிறுவனம். இந்த விஷயத்தில் பேரவை யாருக்கும் பதிவாளர் ஆகாது.

இனி, குறிப்புகள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்ப்போம். “தலைவர் அனைவரையும் வரவேற்றார். செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். பொருளாளர் அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. விழாச் செலவு குறித்துக் காரசாரமாக விவாதிக்கப்பட்டது. விதித் திருத்தங்கள் பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறின. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.” இந்த நடை நமக்குப் பழக்கமானது, பத்திரிகையில் வரும் விழாச் செய்தியின் நடை. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள், என்ன வாசகத்துக்கு ஆதரவு தந்தார்கள் என்ற மூன்றும் இதில் இல்லை. கலைமாமணி விருது வாங்கியவரின் பெயரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவரின் பெயரும் மட்டும் தவறாமல் இருக்கும்.

பல சங்கங்களின் பைலாவில், கூட்டம் நடத்தும் முறைக்கு ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ என்ற கையேட்டைப் பின்பற்றுவதாக ஒரு வரி இருக்கும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட நூல் அது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020இல் வந்த 12ஆம் பதிப்பு. கூட்டக் குறிப்பைப் பற்றி அது சொல்வது எளிது: கூட்டத்தில் செய்யப்பட்டதை எழுது, பேசப்பட்டதை எழுதாதே. தீர்மானத்தின் முழு வாசகம், முன்மொழிந்தவர் பெயர், முடிவு, எண்ணப்பட்டிருந்தால் வாக்கு எண்ணிக்கை. வழிமொழிந்தவர் பெயர்கூட அவசியமில்லை என்கிறது. யார் என்ன வாதம் செய்தார் என்பதற்கு இடமே இல்லை. நம் குறிப்புகள் இதற்கு நேர்மாறாக, வாதத்தை வைத்துக்கொண்டு வாசகத்தை விட்டுவிடுகின்றன.

ராபர்ட்ஸ் நூல் ஒரு சட்டம் அல்ல. பைலா அதை ஏற்றால்தான் அது பொருந்தும். முதலில் மாநிலச் சட்டம், பிறகு அமைப்புப் பத்திரம், பிறகு பைலா, அதற்கும் கீழேதான் ராபர்ட்ஸ். இந்த வரிசையை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் நானே அமைத்தவை, சங்கமும் கற்பனை. சட்டம் மட்டும் உண்மையானது.

கலிபோர்னியாவில், பொதுநல நோக்கமுள்ள லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவான ஒரு சங்கம். 240 குடும்பங்கள் உறுப்பினர். ஆண்டுச் சந்தா குடும்பத்துக்கு 50 டாலர், குடும்பத்துக்கு ஒரு வாக்கு. கோரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24. பைலாவைத் திருத்த, பதிவான வாக்குகளில் மூன்றில் இரு பங்கு வேண்டும். செயற்குழுவே சட்டத்தின் கண்ணில் இயக்குநர் குழு, பதவிக்காலம் ஓராண்டு. கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. பொதுக்குழு ஜனவரியில், பொங்கல் விழாவன்று. மூன்று வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அறிவிப்புப் போய்விட்டது. நிகழ்ச்சி நிரல்: பொறுப்பாளர் அறிக்கைகள், சித்திரை விழா வரவு செலவு, இரண்டு விதித் திருத்தங்கள், இதர.

கூட்டம் தொடங்கும்போது 29 குடும்பங்களிலிருந்து 52 பேர் அரங்கில் இருக்கிறார்கள். செயலாளர் தலைகளை எண்ணி “52 பேர், கோரம் இருக்கிறது” என்று எழுதுகிறார். முதல் வழுக்கல் இங்கேதான். கோரத்தின் அடிப்படை குடும்பம், எண்ணியதோ ஆட்களை. இந்தக் கூட்டத்தில் 29 என்பது 24ஐத் தாண்டுவதால் தப்பித்தார்கள். 19 குடும்பங்களிலிருந்து 34 பேர் வந்திருந்தாலும் அதே செயலாளர் அதே நம்பிக்கையோடு கோரம் இருப்பதாக எழுதியிருப்பார். கணவன், மனைவி இருவரும் கை தூக்கும் பழக்கம் எல்லாச் சங்கத்திலும் உண்டு. அதனால் வாக்கு எண்ணிக்கையும் ஆள்கணக்கில் வீங்கிவிடும். ஒரே உறுப்பினர் இடத்தில் இருவர் பெயர் இருந்தால் சட்டம் ஒரு வழி சொல்கிறது: ஒருவர் மட்டும் வாக்களித்தால் அது இருவரையும் கட்டும், ஒன்றுக்கு மேற்பட்டவர் வாக்களித்தால் அவர்களில் பெரும்பான்மையின் முடிவு எல்லோரையும் கட்டும். கணவர் ஆதரவாகவும் மனைவி எதிராகவும் கை தூக்கினால் அங்கே பெரும்பான்மை ஏது? அந்தக் குடும்பத்தின் வாக்கு எந்தப் பக்கமும் சேராது. வாசலில் குடும்பத்துக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்து, அட்டையை மட்டும் எண்ணினால் இந்தத் தலைவலி இல்லை.

அறிக்கைகளில் தலைவர், செயலாளர், தமிழ்ப்பள்ளிப் பொறுப்பாளர் ஆகியோருடையதை வேகமாகக் கடந்துவிடலாம். அவை தகவல், வாக்கெடுப்பு தேவையில்லை. அறிக்கையை எழுத்தில் வாங்கிக் குறிப்போடு இணைத்துவிட்டால் போதும். அதற்குள் ஏதாவது பரிந்துரை இருந்தால் மட்டும் அது தனித் தீர்மானமாக வர வேண்டும்.

பொருளாளர் அறிக்கை அப்படிக் கடந்துபோகக்கூடியதல்ல. நம் சங்கத்தின் பொருளாளர் திரையில் காட்டுவது இது: வரவு 48,000 டாலர். அதில் சந்தா 12,000, நுழைவுச்சீட்டு 21,000, புரவலர்கள் தந்தது 15,000. செலவு 41,000. மிச்சம் 7,000. கைதட்டல். யாரோ ஒருவர் “இவ்வளவு மிச்சம் இருக்கிறதே, சித்திரை விழாவைப் பெரிதாகச் செய்யலாமே” என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் அடுத்த விழாவின் பட்ஜெட் முடிவாகிவிடுகிறது.

ஆனால் பொங்கல் ஜனவரியில் வருகிறது, கணக்காண்டு டிசம்பரில் முடிகிறது. இந்தப் பொங்கலுக்கான புரவலர் காசோலைகள் 6,000 டாலர் டிசம்பரிலேயே வங்கியில் விழுந்துவிட்டன. பள்ளி அரங்குக்கான முன்பணம் 1,500 நவம்பரில் போய்விட்டது. காசு வந்த நாளிலும் போன நாளிலும் கணக்கெழுதும் சங்கத்தில், இந்த இரண்டுமே சென்ற ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் வரவு 42,000, செலவு 39,500, மிச்சம் 2,500. ஏழாயிரம் என்று கைதட்டியதில் 4,500 டாலர், அரங்குக்கு வெளியே இலையில் பரிமாறிக்கொண்டிருக்கும் பொங்கலுக்குச் சொந்தமானது. பொருளாளர் பொய் சொல்லவில்லை. வங்கி அறிக்கையோடு அவர் கணக்கு ஒரு சென்ட் பிசகாமல் ஒத்துப்போகும். அதனால்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை. “அடுத்த ஆண்டு விழாவுக்காக முன்கூட்டியே வந்தது, போனது” என்று இரண்டே வரிகளைத் தனியாகக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்த 48,000 என்பது சாப்பாட்டுச் செலவைக் கழிக்காத மொத்த வரவு. கூட்டாட்சி வருமான வரித்துறைக்கு, வழக்கமான மொத்த வரவு 50,000 டாலருக்கு மேல் போகாத சிறு அமைப்புகள் 990-N என்ற மின்அட்டையைப் போட்டால் போதும். அதைத் தாண்டினால் 990-EZ அல்லது முழு 990. சில சங்கங்களில் விழாவின் நிகர லாபத்தை மட்டும் வரவில் எழுதுவார்கள்: சீட்டு விற்றது 9,000, சாப்பாட்டுக்குப் போனது 7,000, வரவு 2,000. அப்படி எழுதினால் எந்தப் படிவம் என்ற முடிவே தவறிவிடும். தொடர்ந்து மூன்று ஆண்டு எந்தப் படிவமும் போடாவிட்டால் வரிவிலக்குத் தானாகவே பறிபோகும். செயற்குழு ஆண்டுக்கு ஒருமுறை மாறும் சங்கங்களில் இது நடக்கக் கூடியதுதான். மூன்று பொருளாளர்களும் முந்தையவர் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“பொருளாளர் அறிக்கை ஏற்கப்பட்டது” என்ற வரிக்கும் ஒரு விலை உண்டு. ராபர்ட்ஸ் முறைப்படி பொருளாளர் அறிக்கையை வாக்குக்கு விடுவதே இல்லை. வாசித்ததும் அது தணிக்கையாளருக்குப் போகும். தணிக்கையாளர் பார்த்துத் தரும் அறிக்கையைத்தான் பொதுக்குழு ஏற்கிறது. அப்படி ஏற்கும்போது, மோசடி இருந்தாலொழிய, அந்தக் காலத்துக் கணக்குப் பொறுப்பிலிருந்து பொருளாளர் விடுபடுகிறார். தணிக்கை நடக்கும் முன்பே கைதட்டி ஏற்றுக்கொண்டால், யாரும் பார்க்காத கணக்குக்குப் பொதுக்குழு சான்று கொடுத்ததாகிறது. குறிப்பில் எழுத வேண்டியது “பொருளாளர் அறிக்கை வாசிக்கப்பட்டது, தணிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்பது மட்டுமே. தணிக்கையாளர் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. செயற்குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் வங்கி அறிக்கையையும் ரசீதுகளையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் இந்த அளவு கணக்குக்குப் போதும்.

அடுத்தது சித்திரை விழா. சென்னையிலிருந்து ஒரு பாடகரை அழைக்க வேண்டும் என்பது செயற்குழுவின் ஆசை. பட்ஜெட்டில் “பாடகர்: 5,000 டாலர்” என்று ஒரு வரி. பொதுக்குழுவில் இந்தத் தொகை கூடுதலா குறைவா என்று இருபது நிமிடம் பேசுவார்கள். அரங்கு வாடகை, ஒலி அமைப்பு, பள்ளி நிர்வாகம் கேட்கும் காப்பீட்டுச் சான்று எல்லாம் கேள்வியில்லாமல் கடந்துவிடும். யாரும் கேட்காத கேள்வி: 5,000 என்பது பாடகர் கையில் பெறுவதா, சங்கம் கொடுப்பதா?

அமெரிக்காவில் வசிக்காத கலைஞர் இங்கே வந்து பாடிப் பெறும் ஊதியத்தில், பொதுவிதியாக, பணம் கொடுப்பவர் 30 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். வரி ஒப்பந்தத்தாலோ முன்கூட்டியே துறையோடு செய்துகொள்ளும் உடன்பாட்டாலோ குறைந்தால் வேறு விஷயம். பிடிக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பு பணம் கொடுத்த சங்கத்தின் தலையில் விழும். பாடகரின் மேலாளர் தொலைபேசியில் “கையில அஞ்சாயிரம் வந்துரணும் சார்” என்று சொல்லியிருப்பார். கையில் 5,000 வர வேண்டுமென்றால் சங்கம் ஒதுக்க வேண்டியது 5,000 வகுத்தல் 0.7, கிட்டத்தட்ட 7,143 டாலர். பட்ஜெட்டில் 2,143 டாலர் ஓட்டை. கலிபோர்னியா மாநிலமும் வெளியூர்க் கலைஞர்களிடம் தன் பங்குக்குப் பிடித்தம் வைத்திருக்கிறது. அதையும் சேர்த்தால் ஓட்டை இன்னும் பெரிது. மேலே பார்த்த உண்மையான மிச்சம் 2,500 என்பதை இதோடு பொருத்திப் பார்த்தால், சங்கம் விழாவன்று எவ்வளவு மெல்லிய கயிற்றில் நிற்கிறது என்று புரியும்.

விசா விவகாரமும் இதோடு ஒட்டியது. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியம் வாங்கிக்கொண்டு மேடையேற முடியாது. பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள கலைகளுக்கென்று P-3 என்ற விசா வகை இருக்கிறது. அதற்கு அமெரிக்காவில் உள்ள ஒரு அமைப்போ முகவரோ I-129 படிவத்தில் மனுப் போட வேண்டும். எந்தச் சங்கம் மனுதாரர், மற்ற ஊர்ச் சங்கங்கள் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்ளும் என்பது பொதுவாக வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கப்படுகிறது. நான்கு ஊர்களில் கச்சேரி, அதில் ஒரு ஊர் பின்வாங்கினால் மீதிப் பணம் யார் கணக்கில் என்ற சண்டைக்கு ஆதாரம் தேடினால் கூட்டக் குறிப்பில் “பாடகரை அழைப்பதென முடிவு செய்யப்பட்டது” என்றுதான் இருக்கும். தீர்மானம் இப்படி இருந்திருக்க வேண்டும்: “சித்திரை விழாவுக்கு மொத்தம் 19,000 டாலருக்கு மிகாமல் செலவிடச் செயற்குழுவுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. இதில் அழைப்புக் கலைஞருக்கான ஒதுக்கீடு, பிடித்த வரி உட்பட, 7,200 டாலருக்கு மிகாது. எந்த இனமும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் செயற்குழு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.” இந்த மூன்று வாக்கியம் இருந்தால் இருபது நிமிட விவாதத்தைக் குறிப்பில் எழுதவே தேவையில்லை. நம் கூட்டத்தில் அப்படியொரு தீர்மானம் 29 குடும்பங்கள் முன்னிலையில் நிறைவேறியதாகவே வைத்துக்கொள்வோம்.

இதற்குள் மணி மூன்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒப்பனை போட வேண்டும் என்று பத்துக் குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. அரங்கில் 19 குடும்பங்கள். இப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் மிகக் கனமான விஷயம், விதித் திருத்தம், வருகிறது. பெரும்பாலான நிரல்களில் இது கடைசியில்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால் “அது ரொம்ப நேரம் இழுக்கும்” என்பார்கள்.

முதல் திருத்தம்: சந்தாவை 50 டாலரிலிருந்து 75 ஆக்குவது. ஒருவர் எழுந்து, “எழுபத்தைந்து எதற்கு, நூறாகவே வையுங்கள்” என்கிறார். இன்னொருவர் அறுபது போதும் என்கிறார். ராபர்ட்ஸ் முறைப்படி இரண்டாவது கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பில் 50இலிருந்து 75க்கு என்று இருந்தது; அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எதுவும் சரி. நூறு என்பது அறிவிப்பின் எல்லையைத் தாண்டுகிறது. வீட்டிலேயே இருந்துவிட்ட உறுப்பினர், “75 ஆனால் பரவாயில்லை, போக வேண்டாம்” என்று முடிவு செய்திருக்கலாம். அவருக்குத் தெரியாமல் நூறாக்க முடியாது. தலைவர் நூறை மறுத்தார், அறுபது தோற்றது, 75 வாக்குக்கு வந்தது: ஆதரவு 14, எதிர்ப்பு 4, வாக்களிக்காதவர் 1.

இரண்டாவது திருத்தம்: செயற்குழுவின் பதவிக்காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆக்குவது. ஓராண்டில் எதையும் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் காலம் முடிந்துவிடுகிறது என்ற வாதம் நியாயமானது. மூன்று ஆண்டு வரிப் படிவம் விடுபடுவதற்குக்கூட அதுதான் காரணம். ஆதரவு 12, எதிர்ப்பு 5, வாக்களிக்காதவர் 2. செயலாளர் கைபேசியில் கணக்குப் போடுகிறார். பதிவான வாக்கு 17, மூன்றில் இரு பங்கு 11.33, ஆகவே 12 போதும். “நிறைவேறியது” என்று தலைவர் அறிவிக்கிறார். குறிப்பில், “பதவிக்காலத் திருத்தம் ஆதரவு 12, எதிர்ப்பு 5, வாக்களிக்காதவர் 2 என மூன்றில் இரு பங்கு ஆதரவுடன் நிறைவேறியது.”

கணக்கு சரி. முடிவு தவறு.

19 குடும்பங்கள் என்றால் கோரம் 24 இல்லை. ராபர்ட்ஸ் முறையில் இத்தோடு கதை முடிந்தது. கோரம் கலைந்த பிறகு எடுத்த எந்த முடிவும் செல்லாது. யாரும் கண்டுகொள்ளாதவரை கோரம் நீடிப்பதாகவே கொள்ளப்படும், பின்னாளில் தெளிவான ஆதாரம் காட்டினால்தான் முடிவைச் செல்லாததாக்க முடியும் என்றும் அது சொல்கிறது. ஆனால் கலிபோர்னியாச் சட்டம் இதைவிட இளகிய மனம் கொண்டது. கோரத்தோடு தொடங்கிய கூட்டத்தில் பாதியில் சிலர் போய்விட்டாலும் எஞ்சியவர்கள் தொடரலாம் என்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: எந்த முடிவுக்கும், கோரத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் பெரும்பான்மையாவது ஆதரவாக இருக்க வேண்டும். கோரம் 24, அதில் பெரும்பான்மை 13. சட்டம் மேலே, ராபர்ட்ஸ் கீழே. அதனால் சட்டத்தின் கணக்கே செல்லும். சந்தா உயர்வுக்கு 14 கிடைத்தது, அது நிற்கும். பதவிக்காலத் திருத்தத்துக்கு 12. ஒரு வாக்கில் அது விழுந்துவிட்டது. வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் கை தூக்கியிருந்தால் போதும். ஒப்பனைக்குப் போன பத்துக் குடும்பங்களில் ஒன்று பதிலாள் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாலும் போதும். பைலா தடுக்காதவரை கலிபோர்னியாவில் பதிலாள் வாக்கு செல்லும்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. செயலாளர் வழக்கம்போல் “பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது” என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. 12, 5, 2 என்று நேர்மையாக எழுதிய செயலாளரின் குறிப்பே அந்தத் திருத்தத்தைக் கவிழ்க்கிறது. இதைக் கேட்டதும் சில நண்பர்கள், எண்ணிக்கையை எழுதாமல் விடுவதே பாதுகாப்பு என்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. எண்ணிக்கை இல்லாத குறிப்பு, நியாயமாக நிறைவேறிய சந்தா உயர்வையும் அதே சந்தேகத்தில் தள்ளிவிடும். எண்ணிக்கை இருந்ததால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

இந்தத் திருத்தத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. 13 வாக்கு கிடைத்து ஒழுங்காக நிறைவேறியதாகவே வைத்துக்கொள்வோம். மேடையில் இருக்கும் செயற்குழு, “அப்படியென்றால் எங்களுக்கு இன்னும் ஓராண்டு” என்று நினைத்துக்கொள்ளும். ராபர்ட்ஸ் முறையில் பைலாத் திருத்தம் நிறைவேறிய கணமே அமலாகும், வேறு நிபந்தனை போடாவிட்டால் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களையும் அது தொடும். ஆனால் கலிபோர்னியாச் சட்டம், இயக்குநர் எந்தக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அதைத் தாண்டி அவர் பதவியைப் பைலாத் திருத்தத்தால் நீட்ட முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஓராண்டுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஓராண்டுக்குத்தான். புதிய இரண்டாண்டு அடுத்த தேர்தலில் வருகிறவர்களுக்கு. பின்னால் வரக்கூடிய சண்டையில் பாதியைத் தவிர்க்க, திருத்தத்தின் வாசகத்திலேயே “இத்திருத்தம் அடுத்த தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுவோர் முதல் பொருந்தும்” என்று சேர்த்துவிடலாம்.

கடைசியில் ‘இதர’. இங்கே ஒருவர் எழுந்து, தமிழ்நாட்டில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோருக்குச் சங்கம் 2,000 டாலர் அனுப்ப வேண்டும் என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். குறிப்பில் “ஒருமனதாக நிறைவேறியது.” ஆனால் பைலாவில் கோரத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்திருக்கும் நிறுவனத்தில், அந்த மூன்றில் ஒரு பங்குகூட வராத ஆண்டுக் கூட்டத்தில், அறிவிப்பில் பொதுவாகவாவது குறிப்பிடப்பட்ட விஷயங்கள் மட்டுமே வாக்குக்கு வரலாம். 240இல் மூன்றில் ஒரு பங்கு 80. கூட்டத்தின் உச்சத்தில்கூட 29தான் இருந்தன. ‘இதர’ என்ற தலைப்பு எந்த விஷயத்தையும் குறிப்பிடவில்லை. ஆகவே அது பொதுக்குழுவின் தீர்மானமாக நிற்காது. செயற்குழு மறுநாள் கூடித் தன் அதிகாரத்தில் அதே தொகையை ஒதுக்கலாம். அப்படியானால் அது செயற்குழுக் குறிப்பில் வர வேண்டும், பொறுப்பும் அவர்களுடையது. பத்தில் ஒரு பங்கு கோரம் வைத்திருக்கும் சங்கங்களில், ‘இதர’வில் உறுப்பினர் எழுப்பும் யோசனைகளைச் “செயற்குழுவின் பரிசீலனைக்கு” என்று எழுதுவதே சரி.

அடுத்த கூட்டத்தில் ஒருவர், சட்டப் புத்தகத்தோடு வந்து, பதவிக்காலத் திருத்தம் செல்லாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் என்ற முறையில், தன் நலனோடு தொடர்புள்ள காரணத்துக்காக எழுத்தில் கேட்டு, குறிப்பையும் கணக்கையும் பார்வையிட அவருக்கு உரிமை இருக்கிறது. தலைவர் சொல்லக்கூடிய பதில் எளிதில் ஊகிக்கக்கூடியது: “போன குறிப்பை நாம்தான் ஏற்றுக்கொண்டோமே.” குறிப்பை ஏற்பது, நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று ஏற்பது மட்டும். அன்று நடந்தது செல்லும் என்று அது சொல்வதில்லை. குறிப்பில் பிழை இருந்தால் எத்தனை ஆண்டு கழித்தும் திருத்தலாம். ஆனால் 12 வாக்கு விழுந்த இடத்தில் 13 என்று திருத்த முடியாது.

செய்யக் கூடியது, மறுபடி முறையாக அறிவித்து மறுபடி வாக்கெடுப்பது. அதற்கு அடுத்த பொங்கல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாச் சட்டப்படி, உறுப்பினர்களில் ஐந்து சதவீதம் பேர் எழுத்தில் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். கோரிக்கை வந்த நாளிலிருந்து 35 முதல் 90 நாளுக்குள் தேதி இருக்க வேண்டும். 240 குடும்பத்தில் ஐந்து சதவீதம் 12. அன்று ஆதரவாகக் கை தூக்கிய அதே 12 குடும்பங்களே கையெழுத்துப் போட்டால் கூட்டம் நடக்கும். இந்த முறை விதித் திருத்தத்தை நிரலில் முதலாவதாக வைத்து, பிள்ளைகளின் ஒப்பனைக்கு முன்பே எண்ணிவிடலாம்.